புகைப்படத்தில் வந்த கூட்டு உருவம்: பரப்பளவு ஏன் ஒத்து வரவில்லை?

பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "இதற்கு விடை வரவே மாட்டேன் என்கிறது" என்று கேட்பார்கள். கூட்டு உருவங்களின் பரப்பளவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்கும் பிள்ளைக்குச் செவ்வகத்தின் சூத்திரமும் தெரியும், முக்கோணத்தின் சூத்திரமும் தெரியும். பெருக்கலிலும் பிழை இருக்காது. பிழை அதற்கு முன்பே நடந்திருக்கும். எந்த எண் எந்தக் கோட்டுக்கு உரியது என்று படத்தைப் பார்த்து முடிவு செய்த இடத்தில்தான் அது பெரும்பாலும் நுழைகிறது. புகைப்படம் அந்த இடத்தை இன்னும் குழப்பிவிடுகிறது. புள்ளிக்கோடு மங்கிப்போகும், அம்புக்குறியின் முனை வெட்டுப்படும், செங்கோணக் குறி கண்ணுக்கே தெரியாது.

தவறான விடையைக் கிழித்துப் போட வேண்டாம். எந்த இடத்தில் பிசகினோம் என்பதற்கான தடயம் அந்த எண்ணிலேயே இருக்கும். ஒரே உருவத்தை எடுத்துக்கொண்டு, என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

எடுத்துக்கொள்ளும் உருவம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கூடவே வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் கூர்முனை வைத்துப் படுக்கப் போட்ட பென்சில் போன்ற உருவம் இது. இடது முனையில் ஓர் இருசமபக்க முக்கோணம், நடுவில் செவ்வகம், வலது முனையில் ஓர் அரைவட்டம். முக்கோணமும் செவ்வகமும் சேரும் இடத்தில் ஒரு செங்குத்துப் புள்ளிக்கோடு, செவ்வகமும் அரைவட்டமும் சேரும் இடத்தில் இன்னொன்று. செவ்வகத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு செவ்வகத் துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அதை வெட்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

குறித்திருக்கும் அளவுகள் இவ்வளவுதான். உருவத்துக்குக் கீழே முனையிலிருந்து முனை வரை இருபக்க அம்புக்குறி, அதில் 109 செ.மீ. இடது புள்ளிக்கோட்டின் அருகில் 42 செ.மீ. முக்கோணத்தின் மேல் சாய்கோட்டில் 35 செ.மீ. அடிப்பக்கத்தில் வெட்டுக்கு இடப்புறம் 25 செ.மீ, வலப்புறம் 20 செ.மீ. செவ்வகத்தின் மேல் விளிம்பிலிருந்து வெட்டின் கூரை வரை 32 செ.மீ. வெட்டின் அகலமும் ஆழமும் குறிக்கப்படவில்லை, செவ்வகத்தின் நீளமும் இல்லை, அரைவட்டத்துக்கு எந்த எண்ணுமே இல்லை.

முதலில் சரியான வழியைப் பார்த்துவிடுவோம். பிசகிய வழிகளை ஒப்பிட அது வேண்டும்.

அரைவட்டம் செவ்வகத்தின் வலது பக்கத்தின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் 42. ஆகவே விட்டம் 42, ஆரம் 21. முக்கோணத்தின் அடிப்பக்கமும் அதே 42தான், ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. முனையிலிருந்து அந்த அடிப்பக்கத்துக்கு வரையும் செங்குத்துக்கோடு அதை 21, 21 என்று இரண்டாகப் பிரிக்கும். பிதாகரஸ் தேற்றப்படி குத்துயரம் √(35² − 21²) = √784 = 28.

இப்போது செவ்வகத்தின் நீளம்: 109 − 28 − 21 = 60. வெட்டின் அகலம்: 60 − 25 − 20 = 15. ஆழம்: 42 − 32 = 10.

```
செவ்வகம்      60 × 42           = 2520
வெட்டு        15 × 10           =  150   (கழிக்க)
முக்கோணம்    ½ × 42 × 28       =  588
அரைவட்டம்    ½ × 22/7 × 21²    =  693
மொத்தம்       2520 − 150 + 588 + 693 = 3651 ச.செ.மீ
```

அறிகுறி: விடை, உருவத்தை அடைக்கும் பெட்டியை விடப் பெரிதாக இருக்கிறது

எந்த உருவமானாலும் அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு செவ்வகப் பெட்டி போடலாம். நம் உருவத்துக்கு அது 109 × 42, அதாவது 4578. உருவம் அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது, அதனால் விடை 4578-ஐத் தாண்ட வழியே இல்லை. கணக்கைத் தொடங்கும் முன்பே இந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்வேன்.

5219 என்று ஒரு விடை வந்தால் என்ன நடந்திருக்கும்? 109-ஐயே செவ்வகத்தின் நீளமாக எடுத்து, அதனால் வெட்டின் அகலத்தை 109 − 25 − 20 = 64 ஆக்கி, 4578 − 640 + 588 + 693 என்று கூட்டியிருப்பார்கள். முக்கோணமும் அரைவட்டமும் அந்த 109-க்குள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை மறுபடி வெளியே ஒட்டியாயிற்று. அம்புக்குறி உருவத்துக்குக் கீழே இருப்பதால், கண் அதைச் செவ்வகத்தின் அடிப்பக்கத்தோடு சேர்த்துப் படித்துவிடுகிறது.

சரிபார்க்க அம்புக்குறியின் இரு முனைகளிலிருந்தும் நேர் மேலே விரலை நகர்த்துங்கள். புத்தகங்களில் பெரும்பாலும் அளவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சன்னமாக ஒரு குறுக்குக்கோடு இருக்கும். அந்தக் கோடு முக்கோணத்தின் கூர்முனைக்கு நேராக வருகிறதா, புள்ளிக்கோட்டுக்கு நேராக வருகிறதா? அதுதான் தீர்ப்பு.

இங்கே புகைப்படம் செய்யும் குறும்பு ஒன்று உண்டு. படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டு அம்புக்குறியின் அந்த முனை தெரியாமல் போனால், 109 அரைவட்டத்தையும் சேர்த்த அளவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அரைவட்டம் சேரவில்லை என்று எடுத்தால் செவ்வகத்தின் நீளம் 109 − 28 = 81 ஆகும், வெட்டின் அகலம் 36 ஆகும், மொத்தம் 4323 வரும். அப்போது பெட்டியும் 130 × 42 என்று பெரிதாகிவிடும், அதனால் பெட்டிச் சோதனை இதைப் பிடிக்காது. ஆனால் படத்தைப் பாருங்கள்: வெட்டு 36 என்றால் அதன் இருபுறமும் இருக்கும் 25, 20 துண்டுகளை விட அது அகலமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சந்தேகப்பட்டு, ஓரம் முழுதாக விழும்படி மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த இடத்தில் ஊகித்துக் கணக்குப் போடுவதை விட, இன்னொரு படம் கேட்பதே குறுக்குவழி.

அறிகுறி: ஒரு துண்டு மட்டும் பூதாகரமாக வருகிறது

மொத்தத்துக்குப் போட்ட பெட்டியை ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பலன் அதிகம்.

முக்கோணத்தின் பெட்டி 42 × 28 = 1176. முக்கோணம் அதில் சரிபாதி, 588. உங்களுக்கு 1176 வந்திருந்தால் ½ விட்டுப்போயிற்று. அரைவட்டத்தின் பெட்டி 42 × 21 = 882. அரைவட்டம் தன் பெட்டியில் 11/14 பங்கை நிரப்பும், அதாவது முக்கால் பங்கை விடச் சற்று அதிகம். 882-இல் அது 693. கால்வட்டமும் முழுவட்டமும் தங்கள் பெட்டிகளில் இதே 11/14 பங்கைத்தான் நிரப்புகின்றன, ஆகவே இந்த ஒரு விகிதத்தை நினைவில் வைத்தால் போதும்.

அரைவட்டத்துக்கு 2772 வந்திருந்தால்? 882 கொள்ளும் பெட்டியில் 2772 எப்படி அடங்கும்? அது 693-ஐப் போல் சரியாக நான்கு மடங்கு. நான்கு மடங்கு என்றாலே விட்டத்தை ஆரமாக வைத்துவிட்டோம் என்று பொருள். ஆரம் இரட்டிப்பானால் பரப்பளவு நான்கு மடங்காகும். 1386 வந்தால் இரண்டு மடங்கு, அப்போது ஆரம் சரி, முழுவட்டமாகப் போட்டுவிட்டோம். இந்த இரண்டு பிழைகளையும் பிள்ளைகள் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மடங்கைப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

விட்டத்தை ஆரமாக எடுக்கும் பிழை இந்த மாதிரிப் படத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. அரைவட்டத்தின் அருகில் எண்ணே இல்லை. கண்ணுக்குக் கிடைப்பது 42 மட்டும், அது தொலைவில் இடது புள்ளிக்கோட்டின் பக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணை வலப்பக்கம் கொண்டுவரும் அவசரத்தில், அது மேலிருந்து கீழ் வரை முழுக்கோட்டின் அளவு என்பது மறந்துபோகிறது. நோட்டில் வரையும்போது வலது புள்ளிக்கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, மேலே 21, கீழே 21 என்று எழுதிவிட்டால் இந்தப் பிழை வராது.

அறிகுறி: திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் எண்கள் ஒன்றுக்கொன்று சேரவில்லை

வெட்டின் அகலம் கொடுக்கப்படவில்லை என்றதும் சிலர் போன் திரையின் மேலேயே ஸ்கேலை வைத்துவிடுகிறார்கள். படத்தில் 42 இவ்வளவு நீளம், வெட்டு இவ்வளவு நீளம், விகிதம் போட்டால் கிடைத்துவிடும் என்பது எண்ணம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நம் உருவத்தில் இடது புள்ளிக்கோடும் வலது புள்ளிக்கோடும் ஒரே நீளம், இரண்டும் 42. திரையில் இரண்டையும் அளந்தால் ஒன்று 3.6 செ.மீ, மற்றது 3.2 செ.மீ என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். போனைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலே இப்படி ஆகும். லென்ஸுக்கு அருகில் இருக்கும் பகுதி பெரிதாகவும் தள்ளி இருக்கும் பகுதி சிறிதாகவும் விழும். இப்போது வெட்டு திரையில் 1.2 செ.மீ இருந்தால், இடது கோட்டை வைத்து விகிதம் போட்டால் அதன் அகலம் 14 என்று வரும், வலது கோட்டை வைத்தால் 15.75 என்று வரும். உண்மை 15. எந்தக் கோட்டை நம்புவது?

போனை நேராகப் பிடித்து எடுத்தாலும் கதை முடியவில்லை. தடிமனான புத்தகத்தில் தையலுக்கு அருகே தாள் வளைந்து எழும்பி நிற்கும். அந்தப் பக்கத்தில் இருக்கும் நீளங்கள் சுருங்கித் தெரியும். இதையெல்லாம் சரிசெய்துவிட்டால் கூட, புத்தகத்தில் இருக்கும் படமே அளவு வைத்து வரைந்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எண்கள்தான் கணக்கு. படம், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும்.

ஆகவே புகைப்படத்தைப் படிக்கப் பயன்படுத்துங்கள், அளக்கப் பயன்படுத்தாதீர்கள். மேலே வெட்டின் அகலத்தைச் சந்தேகித்தோமே, அது அளத்தல் இல்லை. எது பெரிது, எது சிறிது என்று கண்ணால் பார்த்தது. அந்த அளவுக்குப் படத்தை நம்பலாம், அதுவும் மறுபடி விசாரிக்க ஒரு காரணமாக மட்டும்.

கொடுக்கப்படாத நீளத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். செவ்வகத்தின் மேல் விளிம்பு முழுதாக 60. கீழே போகும் கிடைக்கோடுகள் எல்லாம் சேர்ந்தாலும் 60தான்: 25, வெட்டின் கூரை, 20. செங்குத்திலும் இப்படியே. இடது பக்கம் மேலிருந்து கீழ் வரை 42, வெட்டு இருக்கும் இடத்தில் மேலே 32, அதற்குக் கீழே உள்ளது வெட்டின் ஆழம். கிடைக்கோடுகளைக் கிடைக்கோடுகளோடும் செங்குத்துக்கோடுகளைச் செங்குத்துக்கோடுகளோடும் மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு நிறப் பேனாவில் வரைந்துகொண்டால் 32-ஐ 60-இலிருந்து கழிக்கும் பிழை தானாக நின்றுவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உருவம் கட்டத்தாளின் மேல் வரையப்பட்டிருந்தால், படம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் கட்டங்களை எண்ணலாம். உருவம் சாயும்போது கட்டமும் கூடவே சாய்கிறது, எண்ணிக்கை மாறாது.

அறிகுறி: விடை நம்பும்படியாக இருக்கிறது, புத்தகத்து விடையோடு மட்டும் சேரவில்லை

இதுதான் ஆளைச் சுற்ற வைக்கும் அறிகுறி. 3574 என்று ஒரு விடை வருகிறது. பெட்டிக்குள் அடங்குகிறது, எந்தத் துண்டும் பூதாகரமாக இல்லை. புத்தகத்து விடைக்கும் இதற்கும் வித்தியாசம் 77 மட்டும். அந்த 77 எந்தத் துண்டின் பரப்பளவும் இல்லை.

நடந்தது இது. 35-ஐ முக்கோணத்தின் உயரமாக எடுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. செவ்வகத்தின் நீளம் 109 − 35 − 21 = 53 ஆயிற்று. அந்த 53-இலிருந்து வெட்டின் அகலம் 8 ஆயிற்று. முக்கோணம் 735 என்று கூடியது, செவ்வகம் 2226 என்று குறைந்தது, வெட்டு 80 என்று குறைந்தது. ஒரே தவறு மூன்று துண்டுகளிலும் புகுந்து, ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துவிட்டதால் மொத்தத்தில் 77 மட்டுமே வெளியே தெரிகிறது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் பிழையும் சின்னது என்று எண்ணிவிடக் கூடாது.

கண்டுபிடிக்கும் வழி, ஒவ்வொரு சாய்கோட்டையும் தனியாக விசாரிப்பது. முக்கோணத்தின் உயரம் என்பது அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக வர வேண்டும். நம் படத்தில் அடிப்பக்கம் புள்ளிக்கோடு, அது நிமிர்ந்து நிற்கிறது. அதற்குச் செங்குத்து என்றால் படுக்கைக் கோடு. 35 எழுதியிருப்பது சாய்கோட்டின் மேல். படுக்கைக் கோடு படத்தில் வரையப்படவே இல்லை, அதை நாம்தான் போட வேண்டும். உயரம் என்ற சொல்லைக் கேட்டதும் மேலும் கீழுமாகத் தேடும் பழக்கத்தை இந்தப் படம் சோதிக்கிறது. நோட்டைக் கால் சுற்றுத் திருப்பி, புள்ளிக்கோடு கீழே படுத்திருக்கும்படி வைத்துப் பார்த்தால் எது உயரம் என்று உடனே விளங்கும்.

இன்னொரு சரிபார்ப்பும் இருக்கிறது. உயரம் உண்மையாகவே 35 என்றால் சாய்கோடு அதை விட நீளமாக இருந்தாக வேண்டும். √(35² + 21²) போட்டால் கிட்டத்தட்ட 40.8 வரும். ஆனால் சாய்கோட்டில் எழுதியிருப்பதே 35. முரண்பாடு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சில புத்தகங்களில் குத்துயரத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டு, அடியில் சின்னச் சதுரமாகச் செங்கோணக் குறி வைத்திருப்பார்கள். புகைப்படத்தில் முதலில் காணாமல் போவது இந்த இரண்டும்தான். அதனால் படத்தைப் பெரிதாக்கி, எண் எழுதியிருக்கும் ஒவ்வொரு கோட்டையும் அடி முதல் நுனி வரை பார்த்துவிடுங்கள். சாய்கோடுகளின் நடுவில் சின்னச் சின்னக் குறுக்குக் கீறல் தெரிந்தால் அது தாளில் இருந்த அழுக்கு இல்லை. அந்தப் பக்கங்கள் சமம் என்பதன் குறி. நம் முக்கோணத்தில் 42-ஐ 21, 21 என்று பிரிக்கும் உரிமை அந்தக் கீறல்களிலிருந்துதான் வருகிறது. அவை இல்லாவிட்டால் அந்தப் படி செல்லாது.

அறிகுறி: வர்க்கமூலம் முழு எண்ணாக வர மறுக்கிறது

35 என்பதை மங்கிய படத்தில் 36 என்று படித்தால் √855 வரும். 39 என்று படித்தால் √1080. இரண்டுமே முழு எண் இல்லை. நடுநிலைப் பள்ளிக் கணக்குகளில் எண்களைப் பொதுவாக முழு எண் வரும்படி தேர்ந்தெடுப்பார்கள், ஆகவே இப்படி வந்தால் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் படத்தை எடுங்கள். 3, 5, 6, 8, 9 ஆகியவை மங்கலில் ஒன்றையொன்று போலத் தெரியும். 42 என்ற எண்ணிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. அதன் பாதி 21, ஏழால் வகுபடும். 22/7 வைத்துப் போடச் சொல்லும் கணக்குகளில் ஆரம் இப்படித்தான் இருக்கும். நீங்கள் படித்த எண் 43 என்றால் மறுபடி பாருங்கள்.

தசமப்புள்ளிதான் இதில் மோசம். 3.5 என்பது 35 ஆகத் தெரிந்தால் எல்லாமே மாறிவிடும். அதே படத்தில் மற்ற எண்கள் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். மற்றவை 10.9, 4.2 என்று இருக்கும்போது ஒன்று மட்டும் 35 என்றால் புள்ளி தொலைந்திருக்கிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் சந்தேகத்தைக் கிளப்புவதற்கு மட்டும்தான். மேல் வகுப்புகளில் √ அப்படியே விடையில் இருக்கும் கணக்குகளும் உண்டு. எண் அழகாக வருகிறது என்பதற்காகப் படத்தில் இல்லாத எண்ணை எழுதிவிடக் கூடாது.

அறிகுறி: இரண்டு விதமாகப் பிரித்தால் இரண்டு விடை

வெட்டு இருக்கும் செவ்வகத்தைக் கழித்தும் போடலாம், கூட்டியும் போடலாம். எப்படிப் போட்டாலும் ஒரே விடை வர வேண்டும். கழித்தால் 2520 − 150 = 2370. செங்குத்தாக மூன்று துண்டாக வெட்டினால் 25 × 42 = 1050, 15 × 32 = 480, 20 × 42 = 840. கூட்டினால் அதே 2370. கிடைமட்டமாக வெட்டினால் மேலே 60 × 32 = 1920, கீழே இரண்டு கால்கள் 25 × 10 = 250, 20 × 10 = 200. மறுபடி 2370.

3810 வந்தால் மேல் பட்டையைக் கிடைமட்டமாகவும் கால்களைச் செங்குத்தாகவும் பிரித்திருக்கிறார்கள்: 60 × 32, 25 × 42, 20 × 42. கால்கள் மேல் விளிம்பு வரை போய்விட்டன. மேல் பட்டை அவற்றை ஏற்கெனவே எண்ணியிருக்கிறது. கூடுதலாக வந்த 1440 என்பது 45 × 32, இருமுறை எண்ணிய பகுதியின் பரப்பளவு அப்படியே.

இதைத் தடுக்க ஒரு துண்டைக் கணக்கிட்ட உடனே அதை பென்சிலால் சாய்கோடு போட்டு நிரப்பிவிடுங்கள். அடுத்த துண்டுக்கு வேறு திசையில் சாய்கோடு. குறுக்கு வலை எங்காவது தெரிந்தால் அது இருமுறை எண்ணிய இடம், வெள்ளையாக நின்றால் விட்டுப்போன இடம். புகைப்படத்தின் மேலேயே இதைச் செய்ய வேண்டாம். திரையில் விரலால் கிறுக்கினால் புள்ளிக்கோடுகளும் எண்களும் மறைந்துவிடும். நோட்டில் வரைந்த படத்தில் செய்யுங்கள்.

வித்தியாசத்தையும் விசாரிக்கலாம். சரியான விடையை விட 150 அதிகம் என்றால் வெட்டைக் கழிக்க மறந்தாயிற்று. 300 அதிகம் என்றால் கழிப்பதற்குப் பதில் கூட்டியாயிற்று. 588 அதிகம் என்றால் முக்கோணத்தின் ½, 693 அதிகம் என்றால் அரைவட்டத்தின் ½.

புத்தகத்தின் பின்னால் விடை இல்லை என்றால் வெளியிலிருந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். 4578 பெட்டியில் உருவம் இல்லாத காலி இடங்களை மட்டும் எடுங்கள். முக்கோணத்தைச் சுற்றி 588, அரைவட்டத்தின் மூலைகளில் 882 − 693 = 189, வெட்டு 150. மொத்தம் 927. 4578 − 927 = 3651. உள்ளிருந்து போட்டதும் வெளியிலிருந்து போட்டதும் ஒன்றாக வந்தால் பிரித்ததில் பிழை இல்லை. ஆனால் 35-ஐ உயரமாகப் படித்திருந்தால் இரண்டு வழியிலும் அதே தவறான 3574தான் வரும். எண்ணைத் தவறாகப் படித்ததை இந்தச் சோதனை காட்டாது, அதற்குப் படத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

அறிகுறி: புள்ளிக்குப் பின்னால் மட்டும் இடிக்கிறது

உங்களுக்கு 3651, புத்தகத்தில் 3650.37. இது பிழையே இல்லை. புத்தகம் π-க்கு 3.14 எடுத்திருக்கிறது, நீங்கள் 22/7 எடுத்திருக்கிறீர்கள். 3.14 வைத்தால் அரைவட்டம் 692.37 வரும். 22/7 உண்மையான மதிப்பை விடச் சற்றுப் பெரிது, 3.14 சற்றுச் சிறிது, அதனால் உண்மை விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எதை எடுக்க வேண்டும் என்பது கேள்வியின் கடைசி வரியில் இருக்கும். படம் எடுத்தவர் உருவத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் அந்த வரி உங்களுக்கு வந்திருக்காது. கேள்வியின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். நிழலிட்ட பகுதிக்கு மட்டுமா, மொத்தத்துக்கா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

அறிகுறி: இலக்கங்கள் சரி, அளவு மட்டும் நூறு மடங்கு மாறி நிற்கிறது

கேள்வி ச.மீட்டரில் கேட்கிறது, நீங்கள் 36.51 என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான விடை 0.3651 ச.மீ. 100 செ.மீ ஒரு மீட்டர் என்பதால் நூறால் வகுத்துவிட்டோம். ஆனால் ஒரு சதுர மீட்டர் என்பது 100 × 100, அதாவது 10,000 ச.செ.மீ. இதற்கும் பெட்டியே சாட்சி: 1.09 மீ நீளம், 0.42 மீ உயரம். பெட்டியே அரை சதுர மீட்டரைத் தொடவில்லை, அதற்குள் 36 சதுர மீட்டர் உட்கார முடியாது. சில அளவு மீட்டரிலும் சில அளவு செ.மீட்டரிலும் கலந்து கொடுத்திருந்தால், முதல் பெருக்கலுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி நோட்டுப் படத்தில் எழுதிவிடுங்கள்.